முழுக் காப்பா, எக்ஸஸா, நாள்காசா? மருத்துவக் காப்புறுதியின் விலை எப்படிப் போடப்படுகிறது

யாழ்ப்பாணத்தில் மருத்துவக் காப்புறுதி விசாரிக்கப் போனால் பெயர்கள்தான் பலவாக இருக்கும். உள்ளே பார்த்தால் பெரும்பாலும் மூன்று வகைதான். ஒன்று, தனியார் ஆஸ்பத்திரி பில்லை ஒரு வரம்பு வரை முதல் ரூபாவிலிருந்தே திருப்பித் தருவது. இரண்டாவது, பில்லின் முதல் பகுதியை நீங்கள் கட்ட, அதற்கு மேலே உள்ளதை நிறுவனம் கட்டுவது. அந்த முதல் பகுதிக்கு எக்ஸஸ் என்று பெயர். மூன்றாவது, பில் எவ்வளவு என்று கேட்காமல், வார்டில் இருந்த நாளுக்கு இவ்வளவு என்று காசு தருவது. இது அநேகமாக ஆயுள் காப்புறுதியோடு சேர்த்து விற்கப்படும் மேலதிகக் காப்பு. பெரியாஸ்பத்திரியில் இலவசமாகப் படுத்திருந்தாலும் இந்தக் காசு கிடைக்கும் திட்டங்கள் உண்டு. எங்கள் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இந்த மூன்றில் எது மலிவு என்று கேட்பது சுலபம், பதிலும் விலைப்பத்திரத்திலேயே இருக்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. மருத்துவச் செலவு வருசா வருசம் ஏறும்போது அந்த ஏற்றம் யார் தலையில் விழுகிறது? மூன்றிலும் அது வெவ்வேறு இடத்தில் விழுகிறது. சுன்னாகத்தில் கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவருக்கு இதே மூன்று வகையிலும் விலைப்பத்திரங்கள் வந்திருந்தன. அவருக்குக் கொப்பித்தாளில் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே விரிக்கிறேன். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த நிறுவனத்தின் உண்மையான விலையும் அல்ல. ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான்.

ஒரே வயதுக்காரர் 1000 பேர் ஒரு திட்டத்தில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். வருசத்தில் அவர்களில் 80 பேர் ஆஸ்பத்திரியில் தங்குகிறார்கள். அதில் 50 பேருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு மாதிரி, பில் 60,000 ரூபா. 25 பேருக்கு ஏதோ ஒரு சத்திரசிகிச்சை, பில் 2 இலட்சம். மிச்சம் 5 பேருக்கு இருதயம், முள்ளந்தண்டு என்று பெரிய விஷயம், கொழும்புக்குப் போய்ப் பில் 8 இலட்சம். எல்லாம் கூட்டினால் 120 இலட்சம். ஆளுக்குப் பிரித்தால் 12,000 ரூபா. எத்தனை பேர் போவார்கள், போனால் எவ்வளவு செலவாகும் என்ற இரண்டையும் பெருக்கி வருவதுதான் இது. மருத்துவக் காப்புறுதி விலையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். மேலே வருவதெல்லாம் சதை.

இப்போது மூன்று திட்டத்தையும் இந்த 80 பேர் மேல் ஓட்டிப் பார்ப்போம்.

முதலாவது திட்டம் வருசத்துக்கு 5 இலட்சம் வரை தரும், எக்ஸஸ் இல்லை. 60,000 பில்லும் 2 இலட்சம் பில்லும் முழுதாகக் கட்டப்படும். 8 இலட்சம் பில்லில் 5 இலட்சத்தோடு நிறுவனம் கையை எடுத்துவிடும். மொத்தம் 105 இலட்சம், ஆளுக்கு 10,500. இரண்டாவது திட்டத்தில் எக்ஸஸ் 50,000, வரம்பு 10 இலட்சம். சின்னப் பில்லில் நிறுவனத்துக்கு 10,000 மட்டும், நடுத்தரப் பில்லில் ஒன்றரை இலட்சம், பெரிய பில்லில் ஏழரை இலட்சம். மொத்தம் 80 இலட்சம், ஆளுக்கு 8,000. மூன்றாவது திட்டம் நாளுக்கு 5,000 ரூபா தரும். சராசரியாக ஒருவர் நான்கு நாள் தங்குகிறார் என்றால் 80 பேருக்கும் 16 இலட்சம், ஆளுக்கு 1,600.

இது கிளெய்ம் செலவு மட்டும். ஏஜென்ட் கொமிசன், அலுவலகச் செலவு, மீள்காப்புறுதி என்று நூற்றுக்கு 30 ரூபா போகும், 5 ரூபா இலாபமாக நிற்க வேண்டும் என்று நிறுவனம் திட்டமிட்டால், கிளெய்முக்கு மிஞ்சுவது 65 ரூபா. அந்த 65தான் கிளெய்ம் விகிதம். வசூலான கட்டுப்பணம் 100 ரூபாவில் கிளெய்மாக எவ்வளவு திரும்பிப் போகிறது என்பது அது. ஆகவே கிளெய்ம் செலவை 0.65 ஆல் வகுத்தால் கட்டுப்பணம் வரும். முதலாவதுக்கு ஏறத்தாழ 16,150, இரண்டாவதுக்கு 12,300, மூன்றாவதுக்கு 2,460.

நண்பருக்கு விலைப்பத்திரம் கொடுத்த ஏஜென்ட் இரண்டாவதைத்தான் வலியுறுத்தினாராம். "அண்ணை, முதல் ஐம்பதினாயிரத்தை நீங்கள் பாத்துக்கொண்டா மிச்சம் எங்கட பொறுப்பு, காசும் குறைவு" என்று. சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது முதலாம் வருசத்துக் கதை.

அடுத்த வருசத்துக்குப் போக முன்னர், மருத்துவச் செலவு ஏன் பொதுவான விலைவாசியோடு ஒத்துப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 2024 செப்டெம்பரில் அதே சுட்டெண் முந்தைய வருசத்தைவிட 0.5 சதவீதம் கீழே இருந்தது. பணவீக்கமே இல்லையே, பிறகு ஏன் கட்டுப்பணத்தைக் கூட்டுகிறார்கள் என்று அப்போது பலர் கேட்டது இதை வைத்துத்தான். விலை ஏறுவது நின்றால் ஏறிய விலை இறங்கிவிடும் என்று அர்த்தமில்லை, அது ஒன்று. நாங்கள் பாவிக்கும் மருந்தில் பெரும் பங்கும், ஸ்டென்ட், கண் வில்லை போன்ற பொருட்களும் இறக்குமதி. டொலர் 2022 தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்து சில மாதத்தில் 360 ஐத் தொட்டது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை.

மற்றது, விலை மட்டும் ஏறுவதில்லை, பாவனையும் ஏறுகிறது. மாரி முடிகிற காலத்தில் டெங்குக் காய்ச்சலோடு ஒருவர் தனியார் வார்டில் படுத்தால் நாளுக்கு எத்தனை தரம் இரத்தம் எடுத்துப் பிளேட்லெட் பார்க்கிறார்கள் என்பதைப் பில்லில் எண்ணிப் பாருங்கள். ஒரு சோதனையின் விலை அப்படியே இருந்தாலும் எண்ணிக்கை கூடினால் பில் கூடும். புது முறைகளும் அப்படித்தான். பித்தப்பையை வயிற்றைத் திறந்து எடுத்த காலம் போய், சின்னத் துளை வழியாக எடுக்கிறார்கள். நோயாளிக்கு நல்லது, இரண்டாம் நாளே வீட்டுக்கு வரலாம். தியேட்டர் பில்தான் கூடும். இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் காப்புறுதிக்காரர் மருத்துவப் பணவீக்கம் என்கிறார்கள். சந்தையில் அரிசி விலை இறங்கினாலும் இது இறங்க வேண்டியதில்லை.

சரி, அடுத்த வருசம் ஒவ்வொரு பில்லும் 15 சதவீதம் ஏறுகிறது என்று வைப்போம். ஆட்கள் அதே 80 பேர்தான். பில்கள் இப்போது 69,000, 2 இலட்சத்து 30,000, 9 இலட்சத்து 20,000.

முதலாவது திட்டத்தின் செலவு ஆளுக்கு 10,500 இலிருந்து 11,700 ஆகிறது. ஏற்றம் 11 சதவீதத்துக்குச் சற்று மேல். பில் 15 ஏறியது, திட்டத்தின் செலவு 11 தான் ஏறியது, மிச்சம் எங்கே போனது? பெரிய நோய் வந்த அந்த ஐந்து பேரின் பையில் போனது. போன வருசம் அவர்கள் கையால் கட்டியது 3 இலட்சம், இந்த வருசம் 4 இலட்சத்து 20,000. அதாவது 40 சதவீத ஏற்றம். வரம்பு அசையாமல் நிற்கும் திட்டங்களின் கட்டுப்பணம் மெதுவாக ஏறுவதற்கு இதுதான் காரணம். நிறுவனம் தாராளமாக நடப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஏற்றத்தின் ஒரு பகுதியை சத்தமில்லாமல் பெரிய நோயாளிகள் சுமக்கிறார்கள். திட்டத்துக்குள்ளே அறை வாடகைக்கு இவ்வளவு, கண்புரைக்கு இவ்வளவு என்று உள்வரம்புகள் இருந்தால், அவை ஒவ்வொன்றிலும் இதே கூத்துத்தான் சின்ன அளவில் நடக்கும்.

இரண்டாவது திட்டத்தில் கதை தலைகீழ். எக்ஸஸ் 50,000 அப்படியே நிற்கிறது, ஏறிய காசு முழுவதும் அதற்கு மேலேதான் விழுகிறது. 60,000 பில்லில் நிறுவனத்தின் பங்கு 10,000 ஆக இருந்தது. பில் 69,000 ஆனதும் அது 19,000. கிட்டத்தட்ட இரட்டிப்பு. எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு 8,000 என்றிருந்தது 9,800 ஆகிறது, ஏற்றம் 22.5 சதவீதம். பில் 15 ஏற, எக்ஸஸ் திட்டத்தின் செலவு 22 ஏறுகிறது. இதைத் தெரியாமல் எடுத்தவர்தான் இரண்டாம் வருசம் புதுப்பிப்புக் கடிதத்தைப் பார்த்துக் கொதிப்பார். உண்மையில் யாரும் ஏமாற்றவில்லை, எக்ஸஸின் குணமே அது.

மூன்றாம் வருசமும் 15 சதவீதம் ஏறினால் முதலாவது 13,080 க்கும், இரண்டாவது 11,830 க்கும் வரும். தொடக்கத்தில் இரண்டுக்கும் இடையே 2,500 ரூபா வித்தியாசம் இருந்தது, இப்போது 1,250. மலிவு என்பதில் பாதி இரண்டு வருசத்தில் கரைந்துவிட்டது. இதற்காக எக்ஸஸ் திட்டம் கூடாது என்று நான் சொல்லவில்லை. நண்பரின் மூன்று பத்திரங்களில் 8 இலட்சம் பில்லைத் தாங்குவது அது ஒன்றுதான். நிறுவனம் அனுமதித்தால் இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை எக்ஸஸைப் பில்களோடு சேர்த்து உயர்த்திக்கொண்டால், கட்டுப்பணமும் பழைய வேகத்துக்கு வந்துவிடும். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். கட்டுப்பணம் ஏறியதும் வரம்பைக் குறைத்து விலையை மட்டுப்படுத்துகிறார்கள். எதற்காகக் காப்புறுதி எடுத்தோமோ அந்தப் பகுதியை வெட்டி எறிவது மாதிரி.

மூன்றாவது திட்டத்தில் பில் எவ்வளவு ஏறினாலும் நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை. நாளுக்கு 5,000 என்பது 5,000 தான். ஆகவே விலையேற்றத்தால் கட்டுப்பணம் ஏறாது. ஏற்றம் முழுவதும் உங்கள் பக்கம். அதைவிட நுட்பமான ஒரு தேய்மானம் இதில் உண்டு. மேலே சொன்ன துளைச் சத்திரசிகிச்சைபோல் வைத்தியம் முன்னேற முன்னேறத் தங்கும் நாள் குறைகிறது. கண்புரைக்குக் காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட்டால், 24 மணித்தியாலம் வார்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ள திட்டத்தில் ஒரு சதமும் வராது. ஒப்பந்தத்தில் தங்கும் நேரத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள், முதல் நாளுக்குக் காசு உண்டா என்று பார்க்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

கிளெய்ம் விகிதத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் விலையேற்றம் அங்கேதான் முதலில் முகத்தைக் காட்டும். நிறுவனம் இரண்டாம் வருசம் கட்டுப்பணத்தைக் கூட்டாமல் விட்டது என்று வையுங்கள். முதலாவது திட்டத்தின் விகிதம் 65 இலிருந்து 72 க்குப் போகும். எக்ஸஸ் திட்டத்தில் 80 ஐத் தொடும். செலவு 30 ஐயும் சேர்த்தால் 100 ரூபா வாங்கி 110 ரூபா கொடுக்கிறார்கள். அப்படி ஒரு வருசம் ஓட்டலாம், மூன்று வருசம் ஓட்ட முடியாது. மூன்றாம் வருசம் கட்டுப்பணம் ஒரேயடியாகப் பாயும், இல்லாவிட்டால் கிளெய்ம் மேசையில் கேள்விகள் கூடும்.

அப்படியென்றால் விகிதம் குறைந்த நிறுவனம் நல்லதா? வாங்குபவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் 40 சதவீதம் என்பது, நான் கட்டும் 100 ரூபாவில் 60 வேறெங்கோ போகிறது என்ற செய்தி. விலை கூடுதலாக இருக்கலாம், கிளெய்மைக் கடுமையாக நிராகரிக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு, அதை அநேகமானோர் யோசிப்பதில்லை. வேகமாக வளரும் புதுத் திட்டத்தில் பாதிப் பேர் இன்னும் காத்திருப்புக் காலத்தில் இருப்பார்கள். காசு கட்டுகிறார்கள், ஆனால் சில நோய்களுக்கு இன்னும் கிளெய்ம் கேட்க முடியாது. அதனால் விகிதம் அழகாகத் தெரியும். அவர்கள் காத்திருப்பைத் தாண்டியதும் ஏறும். ஆகவே ஒரு வருசத்து எண்ணை வைத்து முடிவெடுக்காமல், நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் மூன்று நான்கு வருசத்து எண்ணை வரிசையாகப் பாருங்கள். மருத்துவப் பிரிவுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டும். வாகனக் காப்புறுதியோடு கலந்த மொத்த விகிதம் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. மருத்துவத்துக்குள்ளும் கம்பனி ஊழியர்களுக்கான குழுத் திட்டங்கள் கலந்திருக்கும். பெரிய கம்பனிகள் பேரம் பேசி விலையைக் குறைப்பதால் அவற்றின் விகிதம் பொதுவாகத் தனியாள் திட்டத்தைவிடக் கூடுதலாக இருக்கும். என் அனுபவத்தில், பல வருசமாக 60 க்கும் 75 க்கும் இடையில் பெரிதாக ஆடாமல் நிற்கும் எண்ணைக் கண்டால் பயப்பட ஒன்றுமில்லை. 45, 85, 50 என்று துள்ளும் எண்ணைக் கண்டால் காரணம் கேட்பேன். ஆட்கள் குறைவான திட்டத்தில் இரண்டு மூன்று இருதயச் சத்திரசிகிச்சையே விகிதத்தைப் புரட்டிவிடும். அப்படியான சின்னக் கூட்டத்தில் உங்கள் கட்டுப்பணமும் அதே மாதிரித் துள்ளும்.

இன்னும் ஒரு வகைக் கெடுதி இருக்கிறது. ஒரு திட்டத்தைப் புது ஆட்களுக்கு விற்பதை நிறுத்திவிடுவார்கள். பழைய ஆட்கள் உள்ளேயே இருப்பார்கள், வருசா வருசம் வயது ஏறும். கட்டுப்பணம் கூடக்கூட, நோயில்லாதவர்கள் கழன்று மலிவான வேறு திட்டத்துக்குப் போவார்கள். வருத்தக்காரர்கள் போக முடியாது, வேறு இடத்தில் அவர்களைச் சேர்க்க மாட்டார்கள். மிஞ்சியவர்களின் சராசரிச் செலவு ஏறும், அதனால் கட்டுப்பணம் மறுபடி ஏறும், இன்னும் சிலர் கழல்வார்கள். உங்கள் திட்டத்தின் பெயர் நிறுவனத்தின் இன்றைய துண்டுப்பிரசுரத்தில் இல்லையென்றால் இது தொடங்கியிருக்கலாம். உடம்பு நல்லாக இருக்கும்போதே மாறுவதுதான் வழி.

இனி நண்பரின் முடிவு. அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: பெரிய வருத்தம் வந்தால் எங்கே போவாய்? பெரியாஸ்பத்திரி, தெல்லிப்பழை என்று அரசாங்க ஆஸ்பத்திரிதான் என்றால் பில் பெரிய பிரச்சினை இல்லை. கடை பூட்டிக்கிடக்கும் நாட்கள்தான் நட்டம், வெளியில் வாங்கச் சொல்லும் மருந்தும் வீட்டார் போய்வரும் செலவும் மேலே. அதற்கு நாள்காசு போதும், விலையும் சின்னது. கொழும்பில் தனியார் என்றால் எக்ஸஸ் திட்டம், 50,000 ரூபாவை வங்கியில் தொடாமல் வைத்துக்கொண்டு. முதலாவது திட்டம் எல்லாருக்கும் பிடிக்கும், ஏனென்றால் காய்ச்சலுக்குப் போனாலும் காசு திரும்பி வரும், கட்டியது வீண் போகவில்லை என்ற திருப்தி. ஆனால் அந்த 60,000 பில்லுக்காக நிறுவனம் ஒவ்வொருவரிடமும் கிளெய்ம் செலவு 3,000 ரூபாவை எடுக்கிறது, அதன் மேல் கொமிசனும் நிர்வாகச் செலவும் சேர்ந்து 4,600 ஆகிறது. நூற்றில் ஐந்து பேருக்கு வரும் சின்னப் பில்லுக்கு இது எனக்குக் கூடுதலாகவே படுகிறது. கையில் 50,000 புரட்டவே கஷ்டம் என்றிருக்கும் குடும்பத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

அவர் கொழும்பு என்றார். எக்ஸஸ் திட்டத்தோடு மிகச் சின்ன நாள்காசையும் எடுத்தார். பெற்றோரையும் சேர்க்கப் பார்த்தார். அப்பாவுக்கு 71 வயது, நீரிழிவும் இருக்கிறது. இரண்டு இடத்தில் வயது வரம்பு தாண்டிவிட்டது என்றார்கள், மூன்றாவது இடத்தில் நீரிழிவோடு தொடர்புள்ள எதற்கும் பணம் இல்லை என்ற நிபந்தனையோடு இரட்டிப்பு விலை. அதை எடுக்க வேண்டாம் என்றேன். அந்த வயதில் வரக்கூடிய வருத்தங்களில் பாதி அந்த நிபந்தனைக்குள் வந்துவிடும். கட்டுப்பணக் காசைத் தனிக் கணக்கில் போட்டு வருகிறார்.

அடுத்த வருசம் புதுப்பிப்புக் கடிதம் வரும்போது கட்டுப்பணம் எத்தனை சதவீதம் கூடியது என்று மட்டும் பார்த்தால் போதாது. வயதுப் பிரிவு மாறியதால் எவ்வளவு, திட்டம் முழுவதற்கும் கூட்டியது எவ்வளவு என்று பிரித்து எழுத்தில் தரும்படி கேட்கலாம். பல திட்டங்களில் ஐந்து வயதுக்கு ஒரு படி. 40, 45 என்று படி தாண்டும் வருசத்தில் வரும் பாய்ச்சலுக்கும் மருத்துவப் பணவீக்கத்துக்கும் சம்பந்தமில்லை, அது எடுத்த நாளிலேயே அட்டவணையில் இருந்தது. நிறுவனத்தின் பதில் திருப்தி இல்லையென்றால் முறைப்பாட்டுக்கு இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும், காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார்கள். அங்கேயும் முதலில் கேட்பது நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதியைத்தான், ஆகவே தொலைபேசியில் பேசியதோடு நிற்க வேண்டாம்.